சிவப்பும் நீலமும் சேர்ந்தால் கத்தரிப்பூ நிறம் வந்தே தீருமா?

மழலையர் பள்ளிச் சுவர்களில் தவறாது காணக்கூடிய வரைபடம் ஒன்று உண்டு. மூன்று பெரிய வட்டங்கள். அவை ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடங்களில் மூன்று சிறு நிறங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் செம்மஞ்சள், மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை, சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா. முதல் மூன்றும் முதன்மை நிறங்கள், அடுத்த மூன்றும் இரண்டாம் நிலை நிறங்கள். இவ்வரைபடத்தின் மூன்று வாக்கியங்களுள் முதல் இரண்டும் வீட்டில் எந்த வண்ணப்பெட்டியைக் கொண்டு செய்துபார்த்தாலும் ஏறத்தாழ மெய்ப்படும். மூன்றாவது வாக்கியம் மட்டும் அடிக்கடி பொய்த்துப்போகும். அது ஏன் என்று குழந்தையோடு சேர்ந்து தேடுவதே, நிறக்கலவையைக் கற்பிக்க நான் அறிந்த வழிகளுள் மிகச் சிறந்தது.

சாயப்பொருள்கள் ஒளியை எவ்வாறு விழுங்குகின்றன என்பது என் ஆய்வுத்துறையை ஒட்டிய செய்தி. ஆயினும் இப்பதிவுக்குக் காரணம் ஆய்வுக்கூடம் அன்று; பெங்களூருவில் எங்களோடு வசிக்கும் என் அக்காள் மகள். அவளுக்கு ஆறு வயது. பள்ளியில் கொடுத்த பயிற்சித்தாளில் மேற்சொன்ன மூன்று கலவைகளையும் வீட்டில் செய்து, கட்டங்களில் தீட்டிவரும்படி சொல்லியிருந்தார்கள். அவள் உண்மையாகவே கலந்தாள். மூன்றாவது கட்டத்தில் காப்பித்தூளைப் போன்ற ஒரு கருமை வந்தது. வந்ததையே தீட்டினாள். அந்தக் கட்டத்தின்மேல் பெருக்கல் குறியோடு தாள் திரும்பி வந்தது. மறுவாரம் அதே பயிற்சி மீண்டும் வந்தபோது அவள் தூரிகையைத் தொடவே இல்லை. கிரேயான் பெட்டியிலிருந்து ஆயத்தமான ஊதாக் குச்சியை எடுத்துக் கட்டத்தை நிரப்பினாள். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, நம்ம வீட்டு நீலம் கெட்டுப்போன நீலமா?" என்று கேட்டாள்.

கண் கண்டதை விட்டுவிட்டுத் தாள் எதிர்பார்ப்பதைத் தீட்ட வேண்டும் என்று ஒரு குழந்தை ஆறு வயதிலேயே முடிவு செய்துவிட்டால், அதற்குப்பின் நாம் கற்பிக்கும் அறிவியல் எதற்கு? ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய நீலம் உண்மையிலேயே கெட்டுப்போயிருக்கிறதா என்று விசாரிப்பதென இருவரும் தீர்மானித்தோம்.

முதலில் குழாய்களின்மேல் எழுதியிருந்த பெயர்களைப் படித்தோம். அவள் 'சிவப்பு' என்று எடுத்தது ஸ்கார்லெட். 'நீலம்' என்று எடுத்தது பிரஷ்யன் புளூ. கடைகளில் கிடைக்கும் பன்னிரண்டு வண்ணப் பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு சிவப்புகள் இருக்கும். ஒன்று ஸ்கார்லெட் அல்லது வெர்மிலியன்; மற்றொன்று கிரிம்சன். குழந்தையின் கண்ணுக்கு, ஏன் நம் கண்ணுக்குமே, குழாயிலிருந்து பிதுங்கும்போது இரண்டும் வெறும் சிவப்பாகவே தோன்றும். வேறுபாட்டைக் காண ஓர் எளிய சோதனை உண்டு. ஒவ்வொரு சிவப்பிலும் சிறிது வெள்ளையைக் குழைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கார்லெட் கனகாம்பரப் பூவின் நிறத்தை நோக்கிச் செல்லும். கிரிம்சன் பன்னீர் ரோஜாவை நோக்கிச் செல்லும். அதாவது முன்னது மஞ்சள் பக்கம் சாய்ந்த சிவப்பு. பின்னது நீலத்தின் பக்கம் சாய்ந்த சிவப்பு. நீலத்துக்கும் இதே சோதனை செல்லும். அல்ட்ராமரைன் என்னும் நீலம் வெள்ளையோடு சேர்ந்தால் சங்குப்பூவை ஒத்திருக்கும். பிரஷ்யன் புளூவோ மயில்கழுத்தை நோக்கி, அதாவது பச்சையின் பக்கம் நகரும்.

இப்போது நான்கு கிண்ணங்கள். இரண்டு சிவப்புகளையும் இரண்டு நீலங்களையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் நான்கு கலவைகள் கிடைக்கும். கிரிம்சனும் அல்ட்ராமரைனும் சேர்ந்த கிண்ணத்தில் மட்டுமே தெளிவான கத்தரிப்பூ நிறம் வந்தது. பள்ளியில் கன்னடத் தோழிகளோடு பழகும் அவள், நாவற்பழத்தின் பெயரால் அவர்கள் வழங்கும் 'நேரளெ' என்ற சொல்லைக் கூவிக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள். ஸ்கார்லெட்டும் பிரஷ்யன் புளூவும் சேர்ந்த கிண்ணத்தில் அதே பழைய காப்பித்தூள். மற்ற இரண்டும் இவற்றுக்கு இடைப்பட்ட மங்கல் நிறங்கள். நீலம் கெடவில்லை, சிவப்பும் கெடவில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டைச் சேர்த்திருக்கிறோம், அவ்வளவே.

இங்கே ஓர் எச்சரிக்கை. நல்ல கத்தரிப்பூ நிறமும் கெட்டியாக இருக்கும்போது கறுப்பாகவே தோன்றும். குழந்தை தோற்றுவிட்டதாக எண்ணிக் கொட்டிவிடும். கலவையில் ஒரு பொட்டு எடுத்துத் தாளில் வைத்து, அதன் ஓரத்தை ஈரத் தூரிகையால் இழுத்துவிட வேண்டும். நீர்த்துப்போன அந்த ஓரம் ஊதாவாகத் தெரிந்தால் கலவை சரி. பழுப்பாகத் தெரிந்தால் சிவப்பு மஞ்சள் பக்கம் சாய்ந்தது என்று பொருள். இச்சோதனையைப் பகல் வெளிச்சத்தில் செய்வது நல்லது. மஞ்சளொளி வீசும் விளக்கின்கீழ் ஊதா எப்போதும் பழுப்பை நோக்கி ஏமாற்றும்.

ஏன் இப்படி நிகழ்கிறது என்பதை விளக்க, வண்ணம் என்பது நிறத்தைக் கொடுக்கும் பொருள் அன்று, ஒளியை விழுங்கும் பொருள் என்ற ஒரே செய்தி போதும். அதையும் விளையாட்டாகவே சொல்லலாம். மூன்று மணிகள் எடுத்துக்கொண்டோம். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, நீலம் ஒன்று. சன்னல் வழியாக வரும் வெயில் இந்த மூன்று மணிகளையும் கொண்டுவந்து தாளின்மேல் வைக்கிறது. மஞ்சள் வண்ணம் நீல மணியைத் தின்றுவிடும். மிச்சமுள்ள சிவப்பும் பச்சையும் சேர்ந்து நம் கண்ணுக்கு வரும்போது அதை மஞ்சள் என்கிறோம். பிரஷ்யன் புளூ சிவப்பு மணியைத் தின்றுவிடும். பச்சையையும் கொஞ்சம் கடித்துவைக்கும். இப்போது மஞ்சளையும் நீலத்தையும் ஒரே கிண்ணத்தில் குடியேற்றினால், ஒன்று நீல மணியைத் தின்னும். மற்றொன்று சிவப்பு மணியைத் தின்னும். இருவரும் முழுதாகத் தின்னாமல் விட்டது பச்சை மணி ஒன்றே. ஆதலால் பச்சை.

ஸ்கார்லெட்டோ பெரும்பசிக்காரன். பச்சை, நீலம் ஆகிய இரண்டு மணிகளையும் தின்றுவிட்டுச் சிவப்பை மட்டுமே விட்டுவைப்பான். பிரஷ்யன் புளூ அந்தச் சிவப்பையும் தின்றுவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை, ஆகவே இருள். கிரிம்சன் பச்சை மணியை நன்றாகத் தின்பான். நீல மணியைக் கொறிப்பதோடு விட்டுவிடுவான். அல்ட்ராமரைனும் சிவப்பைத் துடைத்து எடுப்பதில்லை. சிறிது மிச்சம் வைப்பான். அந்த நீலமும், மிஞ்சிய அந்தச் சிவப்பும் சேர்ந்ததே கத்தரிப்பூ நிறம். உண்மையான சாயங்கள் இவ்வளவு சுத்தமாக மணி மணியாகத் தின்பதில்லை. ஒளியின் ஒவ்வொரு பகுதியிலும் வெவ்வேறு அளவில் கடிக்கின்றன. எனினும் ஆறு வயதுக்கு மூன்று மணிகளே போதுமானவை. அவற்றைக் கொண்டே அவளால் அடுத்த கிண்ணத்தில் என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. மூன்று வண்ணங்களும் ஒரே தூரிகையில் சேர்ந்தால் ஏன் சேறாகிறது என்பதையும் அவளே சொன்னாள்: "எல்லா மணியும் காலி."

முன்கூட்டிச் சொல்வதுதான் இவ்விளையாட்டின் உயிர். 'மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை' என்று ஒப்பிக்கும் குழந்தைக்கு அந்த வாக்கியம் தெரியும். கலவை தெரியும் என்று சொல்லிவிட முடியாது. அதை அறிய நாங்கள் சொட்டுக் கணக்கு ஆடினோம். இருமல் மருந்துப் புட்டிகளின் மூடிகளைக் கழுவி எடுத்துக்கொண்டோம். பட்டாணி அளவு வண்ணத்தை இரண்டு தேக்கரண்டி நீரில் கரைத்தால் சொட்டுக்குழாயில் எடுக்கும் பதம் வந்துவிடும். லெமன் யெல்லோ கரைசலில் பத்துச் சொட்டு ஒரு மூடியில். அதில் நீலக் கரைசலை ஒவ்வொரு சொட்டாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு சொட்டுக்குப் பின்னும் கலக்கி, தாளில் ஒரு கோடு இழுத்து, அதன்கீழ் சொட்டின் எண்ணை எழுத வேண்டும். அடுத்த கோடு எப்படியிருக்கும் என்பதைச் சொட்டு விழுமுன்பே அவள் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டு மூடியில் முதல் சொட்டிலேயே வாழைக்குருத்து வந்துவிட்டது. மூன்றாம் சொட்டில் நாற்றங்கால். ஆறாம் சொட்டில் முற்றிய வேப்பிலை. பத்தாம் சொட்டில், சம அளவு சேர்ந்தபோது, பச்சை என்று சொல்லத் தயங்கும்படியான கரும்பச்சை. பின்னர் ஆட்டத்தைத் திருப்பினோம். பத்துச் சொட்டு நீலத்தில் மஞ்சளை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். முதல் மூன்று சொட்டுகளுக்கு நீலம் அசையவே இல்லை. "நீலம் பிடிவாதக்காரன்" என்றாள். சாயங்களின் வலிமை சமமன்று என்ற பாடம் அந்தச் சொல்லில் முழுதாக அடங்கியிருக்கிறது. பிரஷ்யன் புளூ மிகச் சிறிய அளவிலேயே பிறவற்றை ஆட்கொள்ளும். அதனால்தான் வெளிர் நிறத்தில் அடர் நிறத்தைச் சேர்க்க வேண்டுமேயன்றி, அடர் நிறத்தில் வெளிர் நிறத்தைச் சேர்க்கலாகாது என்று ஓவிய ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் மஞ்சள் குழாய் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

இந்த ஆட்டம் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நீர். தூரிகை கழுவும் குவளை ஒன்று, கரைக்கும் நீருக்குக் குவளை ஒன்று என இரண்டு வேண்டும். கழுவும் நீர் சாம்பல் நிறமானதும் மாற்ற வேண்டும். அதில் மூன்று வண்ணங்களும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. எஃகுத் தட்டில் கலந்தால் நிறம் சரியாகத் தெரியாது. வெள்ளைப் பீங்கான் தட்டோ, வீடு கட்டியபோது மிஞ்சிய வெள்ளை ஓடோ நல்லது. நீர்வண்ணம் காய்ந்தபின் சற்று வெளிறும் என்பதால், ஈரக் கோட்டையும் காய்ந்த கோட்டையும் ஒப்பிட்டு வாதிடக் கூடாது.

மறுநாள் மாலை ஒரு மறுப்புக் கேள்வி எழுந்தது. அதை எழுப்பியவர் என் அம்மா. "மஞ்சளும் வெள்ளையும் கலந்தா சிவப்பு வரும், தெரியுமாடி?" என்று பேத்தியிடம் சொல்லி, மஞ்சள் கரைத்த நீரில் துளி சுண்ணாம்பைக் கரைத்து ஆரத்தி நீராக்கிக் காட்டினார். முதன்மை நிறத்தைக் கலந்து உண்டாக்க முடியாது என்று படித்திருந்த குழந்தைக்கு உலகமே ஆடிவிட்டது. மணிக் கணக்கிலும் இது அடங்கவில்லை. வெள்ளைச் சுண்ணாம்பு எந்த மணியையும் தின்னாதே! நான் எலுமிச்சை ஒன்றை எடுத்துப் பிழிந்தேன். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. கலவையைப் பிரிக்க எலுமிச்சையால் ஆகாது. பச்சைக் கிண்ணத்தில் எவ்வளவு பிழிந்தாலும் மஞ்சளும் நீலமும் தனித்தனியே வாரா. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் சாயம் காரத்தைத் தொட்டதும் தானே உருமாறி, முன்பு தின்னாத ஒளியையும் தின்னத் தொடங்குகிறது. புளிப்பு வந்ததும் பழைய உருவுக்கு மீள்கிறது. அது இருவர் சேர்ந்த கூட்டு அன்று. ஒருவரே வேடம் மாற்றிக்கொண்டது. கலவைக்கும் வேதிமாற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. ஆகவே அதைப் பெரியவர் கையே தொட வேண்டும்.

பம்பரம் வேறொரு கதவைத் திறந்தது. பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் சாலையில் உள்ள சன்னபட்டணத்தில் கடைந்து அரக்கு பூசிய மரப் பம்பரங்கள் இங்கே பல வீடுகளில் உண்டு. கன்னடத்தில் புகுரி என்பார்கள். அதன் தலையில் பொருந்துமாறு ஓர் அட்டை வட்டம் வெட்டி, பாதி மஞ்சளும் பாதி நீலமும் தீட்டிச் சுழற்றினோம். வரப்போவது பச்சை என்று அவள் உறுதியாகச் சொன்னாள். வந்தது சாம்பல். பம்பரத்தில் வண்ணங்கள் ஒன்றன்மீது ஒன்று அமர்ந்து ஒன்றின் மிச்சத்தை மற்றொன்று தின்பதில்லை. மஞ்சள் பாதி அனுப்பும் ஒளியும் நீலப் பாதி அனுப்பும் ஒளியும் மாறி மாறி விரைந்து வந்து கண்ணுக்குள்ளேதான் சேர்கின்றன. மஞ்சள் கொண்டுவருவது சிவப்பு, பச்சை மணிகள். நீலம் கொண்டுவருவது நீல மணி. மூன்றும் சேர்ந்துவிடுவதால் நிறமற்ற சாம்பல். ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1855ஆம் ஆண்டு இத்தகைய பம்பரத்தைக் கொண்டே நிறங்களை அளந்தார். நிறத்தாள்களைப் பிளந்து ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஒவ்வொன்றின் பங்கையும் வேண்டியவாறு கூட்டிக் குறைக்கும்படி அமைத்திருந்தார். அவருக்கும் நீலமும் மஞ்சளும் பச்சை தரவில்லை. எங்கள் வட்டத்தில் சாம்பல் சற்று மஞ்சளாகத் தெரிந்தபோது, அவர் வழியிலேயே மஞ்சளின் பங்கைக் குறைத்துச் சரிசெய்தோம்.

இவ்வளவும் ஆனபின், 'முதன்மை' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? இறுதியாக ஓர் ஆட்டம். கிரிம்சனில் வெள்ளை சேர்த்தபோது கண்ட ரோஜா நிறத்தை நினைவில் வைத்து, பெட்டியிலிருந்த ரோஸ் வண்ணத்தை எடுத்து லெமன் யெல்லோவோடு கலந்தோம். சிவப்பு வந்தது. யாராலும் உண்டாக்க முடியாது என்று சுவர்ப்படம் சொல்லும் அதே சிவப்பு, இரண்டு வண்ணங்களுக்குப் பிறந்தது. ரோஸ் தின்பது பெரும்பாலும் பச்சை மணியை, மஞ்சள் தின்பது நீல மணியை, மிஞ்சுவது சிவப்பு. இக்காரணத்தால்தான் அச்சுத்தொழிலில் சிவப்பையும் நீலத்தையும் அடிப்படையாக வைப்பதில்லை. சயான் என்னும் பச்சைநீலம், மெஜந்தா என்னும் ரோஜாச்சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்றையும், அவற்றுக்குத் துணையாகக் கறுப்பையும் கொள்கிறார்கள். இம்மூன்றும் ஏறத்தாழ ஒவ்வொரு மணியை மட்டுமே தின்பவை. பசி குறைந்தவர்களைக் கூட்டுச் சேர்த்தால்தான் மிச்சம் இருக்கும். மிச்சம் இருந்தால்தான் நிறம் இருக்கும். செய்தித்தாளின் வண்ணப்படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் இந்த நால்வரின் புள்ளிகளையும் குழந்தையே எண்ணிவிடும்.

ஆகவே முதன்மை நிறம் என்பது இயற்கை சிலருக்குக் கொடுத்த பட்டம் அன்று. கையிலிருக்கும் பொருள்களிலிருந்து மிகுதியான நிறங்களைப் பெறுவதற்கு நாம் தேர்ந்துகொள்ளும் தொடக்கம். பள்ளிப் படத்தை இதற்காகக் கிழித்தெறிய வேண்டியதில்லை. அதிலுள்ள 'சிவப்பு' எந்தச் சிவப்பு, 'நீலம்' எந்த நீலம் என்று குழந்தை கேட்கும்படி செய்தால் போதும்.

வீட்டில் செய்துபார்க்கும் நண்பர்கள், கிடைத்த நிறத்தை மட்டும் இங்கே எழுதாமல், குழாயின்மேல் இருக்கும் பெயரையும் எத்தனை சொட்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சேறு வந்தவர்கள் அவசியம் எழுதுங்கள். எந்த இரண்டைச் சேர்த்தபோது எல்லா மணிகளும் தீர்ந்தன என்பதைத் தெரிந்துகொள்ள அந்தக் கிண்ணங்களே உதவும்.